பவர் பேங்க்கை கூரியரில் அனுப்பலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பையன் டெல்லியில் படிக்கிறான். பவர் பேங்க்கை மதுரை வீட்டிலேயே விட்டுட்டுப் போயிட்டான். கூரியரில் போட்டால் எடுத்துக்கொள்வார்களா?

விமானத்தில் போகிற எக்ஸ்பிரஸ் சர்வீஸில் எடுக்க மாட்டார்கள். தெரியாமல் எடுத்தாலும் விமான நிலையத்தில் எக்ஸ்ரே பார்க்கும்போது பிடித்து நிறுத்திவிடுவார்கள். லாரியில் போகிற சர்ஃபேஸ் சர்வீஸில் சில நிறுவனங்கள் எடுக்கும், சில எடுக்காது. ஆன்லைனில் நாம் வாங்கும் பவர் பேங்க்குகள் நம் நாட்டுக்குள் பெரும்பாலும் அப்படித் தரைவழியாகத்தான் வருகின்றன. அதனால் புக்கிங் கவுண்டரில் "பவர் பேங்க் இருக்கு, முழுக்க சர்ஃபேஸ்ல போகுமா?" என்று நேராகக் கேளுங்கள்.

இங்கே 'முழுக்க' என்பது முக்கியம். சர்ஃபேஸ் என்று புக் செய்த பார்சலைக்கூடச் சில நிறுவனங்கள் விமானத்தில் ஏற்றிவிட வாய்ப்பு உண்டு. மதுரையிலிருந்து டெல்லிக்கு நான்கைந்து நாள் ஆகும் என்று சொன்னால் லாரி என்று நம்பலாம். அடுத்த நாளே போய்ச் சேரும் என்று சொன்னால் அது விமானம்தான், அங்கே கொடுக்காதீர்கள்.

லேப்டாப்பை வாங்கிக்கிறாங்க, மொபைலையும் வாங்கிக்கிறாங்க. அதிலும் அதே லித்தியம் பேட்டரிதானே? பவர் பேங்க்கை மட்டும் ஏன் ஒதுக்குறாங்க?

பெரும்பாலானவர்கள் குழம்புவது இந்த இடத்தில்தான். மொபைலையும் லேப்டாப்பையும் விமானச் சரக்கு விதிகள் 'பேட்டரி பொருத்தப்பட்ட சாதனம்' என்று பார்க்கின்றன. அபாயகரமான சரக்குகளை அடையாளம் காண ஐ.நா. தந்திருக்கும் எண்களில் அதற்கு யுஎன் 3481. பவர் பேங்க்கில் எல்இடி, யுஎஸ்பி, டிஸ்ப்ளே எல்லாம் இருந்தாலும் அதன் ஒரே வேலை இன்னொரு சாதனத்துக்கு மின்சாரம் கொடுப்பது. அதனால் விதிப்படி அது சாதனம் கிடையாது, வெறும் பேட்டரி. அதற்கு யுஎன் 3480 என்ற தனி எண்.

இந்த ஓர் எண் வித்தியாசத்தில் எல்லாமே மாறிவிடுகிறது. யுஎன் 3480 வகையைப் பயணிகள் விமானத்தின் சரக்கு அறையில் ஏற்றவே கூடாது என்று 2016 ஏப்ரல் 1 முதல் உலகம் முழுவதும் தடை இருக்கிறது. சரக்கு மட்டும் ஏற்றும் விமானத்தில் போகலாம், ஆனால் சார்ஜ் 30 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. முன்பெல்லாம் சிறிய பேட்டரிகளுக்கு எளிமையான ஒரு பிரிவு இருந்தது, ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பிவிடலாம். 2022இல் அதையும் எடுத்துவிட்டார்கள். இப்போது ஒரே ஒரு பவர் பேங்க்கை விமானச் சரக்காக அனுப்பவும் அபாயகரமான சரக்குக்கான முழு அறிவிப்புப் பத்திரம் வேண்டும், அதில் கையெழுத்துப் போடுபவர் அதற்கான பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும், பெட்டியில் 9ஆம் வகுப்பு லேபிளும் 'சரக்கு விமானத்துக்கு மட்டும்' என்ற லேபிளும் ஒட்ட வேண்டும். ஆயிரம் ரூபாய் பவர் பேங்க்குக்காக எந்தக் கூரியர் கிளையும் இவ்வளவு செய்யாது. அதனால் ஒரே வார்த்தையில் "முடியாது" என்று சொல்லிவிடுகிறார்கள். காரணம் சொல்லாமல் மறுப்பதால் நமக்குக் கோபம் வருகிறது, ஆனால் மறுப்பு சரியானதுதான்.

ப்ளூடூத் இயர்பட்ஸ், ஸ்மார்ட் வாட்ச், டிரிம்மர், ரீசார்ஜ் டார்ச் எல்லாம் சாதனக் கணக்கில் வரும். கேமராவோடு ஒரு ஸ்பேர் பேட்டரி வைத்தால் அதுவும் யுஎன் 3481தான், ஆனால் 'சாதனத்தோடு வைத்த பேட்டரி' என்று தனிப் பிரிவு, விதிகள் கொஞ்சம் இறுக்கம். கேமரா இல்லாமல் பேட்டரியை மட்டும் அனுப்பினால் பவர் பேங்க்கின் கதைதான்.

ஒரு சின்ன பவர் பேங்க். அதனால் அவ்வளவு பெரிய விமானத்துக்கு என்ன ஆகிடும்?

பவர் பேங்க்குக்குள் இருக்கும் ஒவ்வொரு பேட்டரி செல்லிலும் நேர்முனைக்கும் எதிர்முனைக்கும் நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒன்று இருக்கிறது. பெட்டி நசுங்கியோ, தயாரிப்பில் இருந்த குறையாலோ, அளவுக்கு மீறி சூடேறியோ அந்தப் படலம் ஓரிடத்தில் கிழிந்தால் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகும். அந்தச் சூட்டில் வேதிவினை தொடங்கும், அந்த வினை மேலும் சூட்டைக் கிளப்பும், அந்தச் சூடு வினையை இன்னும் வேகமாக்கும். பிறகு அதை வெளியிலிருந்து நிறுத்துவது மிகக் கடினம். உள்ளே இருக்கும் திரவம் எளிதில் தீப்பிடிக்கும் கரிமக் கரைப்பான். அது வாயுவாகப் பீறிட்டு வெளியே வந்து எரியும். பக்கத்து செல்லும் சூடாகி அதே பாதையில் போகும். ஒரு பவர் பேங்க்குக்குள்ளேயே இரண்டு மூன்று செல்கள் இருக்கலாம், ஒரு பெட்டியில் நூறு பவர் பேங்க் இருந்தால் தீ ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிக்கொண்டே போகும்.

பயணிகள் விமானத்தின் அடியில் உள்ள சரக்கு அறையில் தீயணைக்க ஹேலான் வாயு வைத்திருக்கிறார்கள். துணி, காகிதம் எரிந்தால் அது கட்டுப்படுத்திவிடும். லித்தியம் பேட்டரியில் மேலே தெரியும் சுவாலையை அடக்கும், ஆனால் செல்லுக்குள் நடக்கும் வினையை நிறுத்தாது, ஒரு செல்லிலிருந்து அடுத்ததற்குச் சூடு பரவுவதையும் தடுக்காது. வெளிவரும் வாயுக்கள் அறைக்குள் சேர்ந்து வெடிக்கும் ஆபத்தும் இருக்கிறது என்று அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறையின் சோதனைகளில் தெரிய வந்தது. தடைக்கு அடிப்படையே இதுதான்.

2010 செப்டம்பர் 3 அன்று துபாயிலிருந்து ஜெர்மனியின் கொலோனுக்குக் கிளம்பிய யுபிஎஸ் நிறுவனத்தின் 747 சரக்கு விமானத்தில் இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே ஆனதும் தீ எச்சரிக்கை வந்தது. துபாய்க்குத் திருப்பினார்கள். விமானி அறை முழுக்கப் புகை நிறைந்து கருவிகளே கண்ணுக்குத் தெரியவில்லை. விமானம் விழுந்து இரண்டு விமானிகளும் இறந்தார்கள். சரக்கில் ஏராளமான லித்தியம் பேட்டரிகள் இருந்தன. அவற்றில் சில, அபாயகரமான சரக்கு என்று அறிவித்திருக்க வேண்டியவை, ஆனால் அப்படி அறிவிக்கப்படவில்லை என்பதையும் விசாரணையில் கண்டுபிடித்தார்கள். கவுண்டரில் உண்மையைச் சொல்லுங்கள் என்று நான் திரும்பத் திரும்ப எழுதுவது இதை மனதில் வைத்துத்தான்.

அப்போ கையில் எடுத்துக்கிட்டுப் போனால் மட்டும் பரவாயில்லையா? அதே விமானம்தானே?

விமானம் ஒன்றுதான், இடம் வேறு. பயணிகள் அறையில் புகை வந்தால் சில நொடிகளில் யாராவது பார்த்துவிடுவார்கள், பணியாளர்கள் ஓடி வந்து அணைத்துத் தண்ணீர் ஊற்றிக் குளிர வைப்பார்கள். 2025 அக்டோபரில் டெல்லியிலிருந்து திமாப்பூருக்குக் கிளம்பத் தயாராக இருந்த இண்டிகோ விமானத்தில் ஒரு பயணியின் பவர் பேங்க் தீப்பிடித்தபோது பணியாளர்கள் உடனே அணைத்துவிட்டார்கள், யாருக்கும் காயமில்லை. அதே பவர் பேங்க் அடியில் செக்-இன் பெட்டிக்குள் இருந்திருந்தால் யாரும் போய்த் தொடவே முடியாது. அதனால்தான் கைப்பையில் மட்டும் அனுமதி, செக்-இன் லக்கேஜில் கூடாது.

பேட்டரியில் எவ்வளவு மின்னாற்றல் அடங்கும் என்பதை வாட்-மணியில் சொல்வார்கள். 100 வாட்-மணி வரை கேட்காமல் கைப்பையில் எடுத்துப் போகலாம். 100க்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும். 160க்கு மேல் கூடவே கூடாது. சில விமான நிறுவனங்கள் இதைவிடக் கடுமையாக வைத்திருக்கின்றன. அவசரமில்லை என்றால், டெல்லிக்குப் போகிற உறவினர் யாரிடமாவது கைப்பையில் கொடுத்துவிடுவதுதான் கூரியரைவிட எளிய வழி. என்ன கொடுக்கிறோம் என்று அவரிடம் சொல்லிக் கொடுங்கள்.

வாட்-மணி எவ்வளவுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? மேலே 20000 என்று மட்டும்தான் பெரிசா போட்டிருக்கு.

பின்பக்கம் பொடி எழுத்தில் Wh என்று அச்சிட்டிருப்பார்கள். இல்லாவிட்டால் கணக்கு இதுதான்:

```
mAh × V ÷ 1000 = Wh
```

V என்பது உள்ளே இருக்கும் செல்லின் வோல்ட், பெரும்பாலும் 3.7. 20000 என்றால் 20000 × 3.7 ÷ 1000 = 74. 10000 என்றால் 37. 30000 என்றால் 111, அது 100ஐத் தாண்டிவிட்டது. இதில் பலர் 3.7க்குப் பதில் யுஎஸ்பி அவுட்புட்டான 5 வோல்ட்டைப் போட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் 20000க்கு 100 என்று தப்பாக வரும். செல்லின் வோல்ட்டைத்தான் எடுக்க வேண்டும். 'ரேட்டட் கெப்பாசிட்டி 12000' என்று இன்னொரு எண்ணும் இருக்கும், அது வெளியே கிடைக்கும் அளவு, இந்தக் கணக்குக்கு ஆகாது.

எழுத்தெல்லாம் அழிந்துபோய் ஒன்றுமே தெரியாத பவர் பேங்க்கை விமான நிலையத்தில் நிறுத்திவிட வாய்ப்பு அதிகம். கூரியரிலும் அதை அனுப்ப வேண்டாம்.

அனுப்புறதுக்கு முன்னாடி ஃபுல் சார்ஜ் பண்ணிட்டா அவனுக்கு உதவியா இருக்குமே?

வேண்டாம். உள்ளே இருக்கும் சார்ஜ் குறைவாக இருந்தால், ஒரு செல் கெட்டுப்போனாலும் சூடு குறைவாகவே கிளம்பும், பக்கத்து செல்லுக்குத் தாவுவதும் பெரும்பாலும் நின்றுவிடும். 30 சதவீத விதி அதற்காகத்தான் வந்தது. லாரியில் அனுப்பும்போது அந்த விதி உங்களைக் கட்டுப்படுத்தாவிட்டாலும் பின்பற்றுவது நல்லது. நான்கு விளக்கு இருக்கும் பவர் பேங்க்கில் ஒரு விளக்கு மட்டும் எரிகிற அளவுக்கு இறக்கிவிடுங்கள், அது பெரும்பாலும் 25 சதவீதத்துக்குள் இருக்கும். ஒரேயடியாகக் காலியாக்கிவிட்டு மாதக்கணக்கில் வைத்தால் பேட்டரியே கெட்டுப்போகும், அதையும் செய்ய வேண்டாம்.

சரி, சர்ஃபேஸில் எடுத்துக்கிறோம்னு சொல்லிட்டாங்க. எப்படிப் பேக் பண்ணணும்?

மதுரை, டெல்லி உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். 20000 அளவு பவர் பேங்க், 74 வாட்-மணி, சார்ஜ் ஒரு விளக்குக்கு இறக்கியாயிற்று. முதலில் அதை ஒரு சமதளமான மேஜையில் வைத்துப் பாருங்கள். ஆடினால் வீங்கியிருக்கிறது என்று அர்த்தம், அனுப்பக் கூடாது. நன்றாக இருந்தால் கேபிளைக் கழற்றித் தனியாகச் சுருட்டுங்கள். செருகிய கேபிள் அடிபட்டால் போர்ட் உடைந்து உள்ளே நெம்பும்.

பவர் பேங்க்கை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடுங்கள், போர்ட்டுக்குள் உலோகத் தூசியோ சாவியோ படாமல் இருக்கத்தான் இது. அதன்மேல் பப்பிள் ராப் இரண்டு மூன்று சுற்று. பட்டன் அழுந்தித் தானாக ஆன் ஆகாதபடி பட்டன் பக்கம் ஒரு அட்டைத் துண்டு வைத்துச் சுற்றுங்கள். பிறகு கெட்டியான அட்டைப்பெட்டி. பாலித்தீன் கூரியர் கவரில் போடவே கூடாது, லாரியில் அதன்மேல் முப்பது கிலோ மூட்டை வந்து விழும். பெட்டிக்குள் சுற்றிலும் காகிதம் திணித்து, ஆட்டினால் உள்ளே சத்தம் வராத அளவுக்கு இறுக்குங்கள். விமானச் சரக்கு விதிகளில் பெட்டியை 1.2 மீட்டர் உயரத்திலிருந்து எந்தப் பக்கமாகப் போட்டாலும் உள்ளே பேட்டரி சேதமாகாமலும் இடம் மாறாமலும் இருக்க வேண்டும் என்று ஓர் அளவுகோல் உண்டு. நீங்கள் போட்டுப் பார்க்க வேண்டாம், இடுப்பு உயரத்திலிருந்து விழுந்தால் தாங்குமா என்று பெட்டியை அந்தக் கண்ணோடு பாருங்கள்.

வீட்டில் அலுமினியத் தாளில் சுற்றும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது, தயவுசெய்து வேண்டாம், அது மின்சாரத்தைக் கடத்தும். முறுக்கும் ஊறுகாயும் அதே பெட்டியில் வைக்க வேண்டாம், எண்ணெய் கசிந்தால் முதலில் போர்ட்டுக்குள்தான் போகும். தனி பேட்டரி, அதாவது உலோக முனைகள் வெளியே தெரிகிற கேமரா பேட்டரி போன்றது என்றால் முனைகள்மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனிக் கவரில் போடுங்கள்.

லேப்டாப்பையும் சேர்த்து அனுப்பணும். ரெண்டையும் ஒரே பெட்டியில் போட்டுடலாமா?

பிரித்துவிடுங்கள். லேப்டாப் மட்டும் இருக்கும் பெட்டி விமானத்தில் போகலாம், பவர் பேங்க் உள்ளே சேர்ந்த உடனே மொத்தப் பெட்டியும் மாட்டிக்கொள்ளும்.

லேப்டாப் பேட்டரியின் அளவை அடியில் பாருங்கள். 11.4 வோல்ட், 4000 என்று இருந்தால் 45.6 வாட்-மணி. பெரும்பாலான லேப்டாப்புகள் 100க்குள்தான் இருக்கும், அதற்குள் இருந்தால் எளிய பிரிவு. தனி பேட்டரிக்குத்தான் அதை எடுத்துவிட்டார்கள், சாதனத்துக்கு இன்னும் இருக்கிறது. ஒரு பெட்டியில் இரண்டு பேட்டரிக்கு மிகாமல், ஓர் அனுப்புதலில் இரண்டு பெட்டிக்கு மிகாமல் இருந்தால், பேட்டரி சாதனத்துக்குள்ளேயே பொருத்தியிருக்கும்பட்சத்தில், சிவப்புக் கோடு போட்ட பேட்டரி ஸ்டிக்கர்கூட விதிப்படி கட்டாயமில்லை. ஆனாலும் சில நிறுவனங்கள் ஒட்டச் சொல்வார்கள், ஒட்டிவிடுங்கள்.

முக்கியமாக, லேப்டாப்பை முழுசாக ஷட் டவுன் செய்யுங்கள். மூடி வைத்தால் அது தூங்குகிறதே தவிர அணையவில்லை. பெட்டிக்குள் பப்பிள் ராப்புக்கு நடுவில் ஏதோ காரணத்தால் விழித்துக்கொண்டு அப்டேட் ஓடத் தொடங்கினால் சூடு வெளியேற வழியே இருக்காது.

'எலெக்ட்ரானிக் சாமான்'னு பொதுவா எழுதிக் கொடுத்துட்டா போதாதா? எல்லாரும் அப்படித்தான் அனுப்புறாங்க.

எக்ஸ்ரேயில் பவர் பேங்க்கின் செல்கள் தெளிவாகத் தெரியும், ஆபரேட்டர்கள் அதைத்தான் தேடுகிறார்கள். பிடிபட்டால் பார்சல் அங்கேயே தங்கிவிடும். தப்பித்துப் போய்விட்டால் இன்னும் மோசம், உள்ளே பேட்டரி இருப்பது தெரியாமல் அதை எங்கே வேண்டுமானாலும் அடுக்குவார்கள். 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய வாயுயான் சட்டத்தின்படி, அபாயகரமான பொருட்களை விமானத்தில் கொண்டுசெல்வது பற்றிய விதிகளை மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். பில்லில் 'பவர் பேங்க், 74 வாட்-மணி, சர்ஃபேஸ் மட்டும்' என்று எழுதச் சொல்லுங்கள். தொலைந்தாலும் உடைந்தாலும் இழப்பீடு கேட்க அந்த வரி வேண்டும், மறைத்து அனுப்பியதற்கு எந்த நிறுவனமும் பணம் தராது.

வெளிநாட்டுக்குத் தபாலில் அனுப்பலாமா?

பவர் பேங்க்கையும் தனி பேட்டரியையும் கூடாது. சர்வதேச அஞ்சல் ஒன்றிய விதிகள் சாதனத்துக்குள் பொருத்திய லித்தியம் பேட்டரியை மட்டுமே அனுமதிக்கின்றன, அதுவும் ஒரு பார்சலில் நான்கு செல் அல்லது இரண்டு பேட்டரி வரை, அனுப்பும் நாட்டின் அஞ்சல் துறைக்கு அங்குள்ள விமானப் போக்குவரத்து ஆணையம் ஒப்புதல் கொடுத்திருந்தால் மட்டும். சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கும் பிள்ளைக்கு அங்கேயே ஒன்று வாங்கிக்கொள்ளப் பணம் அனுப்புவதுதான் புத்திசாலித்தனம். உள்நாட்டில் ஸ்பீட் போஸ்ட்டும் விமானத்தில் போகக்கூடியது என்பதால் அதிலும் போடாதீர்கள்.

பவர் பேங்க் வீங்கிடுச்சு, வாரண்டி இருக்கு. கம்பெனிக்குத் திருப்பி அனுப்பலாமா?

அனுப்பவே கூடாது. சேதமான, குறைபாடு உள்ள, பாதுகாப்புக் காரணத்துக்காகத் திரும்பப் பெறப்பட்ட பேட்டரியை விமானத்தில் எந்த வடிவிலும் ஏற்றக் கூடாது, சாதனத்துக்குள் இருந்தாலும் சரி. லாரியிலும் சாதாரணக் கூரியருக்கு அது தகாது. வீக்கம், ஓரத் தையல் விரிதல், நெயில் பாலிஷ் போன்ற இனிப்பான வாடை, சும்மா இருக்கும்போதே சூடு, தண்ணீரில் விழுந்தது, இதில் ஒன்று இருந்தாலும் போதும்.

நல்ல நிறுவனங்கள் திருப்பி அனுப்பச் சொல்வதே இல்லை. 2025 ஜூனில் ஆங்கர் நிறுவனம் அமெரிக்காவில் பவர்கோர் 10000 மாடலை, பத்து லட்சத்துக்கும் மேல், திரும்பப் பெற்றபோது பொருளைத் தபாலில் கேட்கவில்லை, மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் தெரியும் புகைப்படத்தைக் கேட்டது. உங்கள் நிறுவனத்திடமும் அதையே கேளுங்கள்: படம் அனுப்புகிறேன், மாற்றுப் பொருள் கொடுங்கள், பழையதை என்ன செய்வது என்று சொல்லுங்கள். அதுவரை சார்ஜ் போடாமல், குத்தாமல், திரைச்சீலை, மெத்தை, சிலிண்டர் எதுவும் பக்கத்தில் இல்லாத சிமெண்ட் தரையில், உலர்ந்த மணல் போட்ட மண் தொட்டியில் வையுங்கள். பிறகு மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் நேரில் கொடுங்கள், குப்பைத் தொட்டியில் போட்டால் குப்பை வண்டி அழுத்தும்போது தீப்பிடிக்கும்.

ஆம்னி பஸ்ஸில் பார்சல் போட்டு விட்டால்?

பயணிகள் தூங்கிக்கொண்டிருக்கும் இடத்துக்கு நேர் கீழே, பூட்டிய டிக்கியில், என்ஜின் சூட்டோடு அது போகும். நான் போட மாட்டேன். சென்னை வரைக்கும்தான் என்றால் லாரி பார்சல் சர்வீஸில் கோடவுனிலிருந்து கோடவுனுக்கு அனுப்பி அங்கே வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள், ஒரு நாள் கூடுதலாகும் அவ்வளவுதான்.

வந்து சேர்ந்த பெட்டி ஒரு பக்கம் நசுங்கியிருக்கு. பவர் பேங்க் வேலை செய்யுது. பயன்படுத்தலாமா?

டெலிவரி ஆள் நிற்கும்போதே பெட்டியைப் படம் எடுத்து, ரசீதில் 'பெட்டி சேதம்' என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். பவர் பேங்க்கின் உடம்பில் பள்ளமோ விரிசலோ இருந்தால், வேலை செய்தாலும், சார்ஜ் போடாதீர்கள், உள்ளே படலம் பாதி கிழிந்திருந்து நாலு நாள் கழித்துச் சார்ஜ் ஏறும்போது ஷார்ட் ஆகலாம். பெட்டி மட்டும் நசுங்கி பவர் பேங்க் ஒரு கீறலும் இல்லாமல் இருந்தால், முதல் இரண்டு மூன்று தடவை விழித்திருக்கும்போது, தரையில் அல்லது டைல்ஸ் மேல் வைத்துச் சார்ஜ் போட்டு, தொட்டுப் பாருங்கள். இதமான சூடு சகஜம். கை வைக்க முடியாத சூடு என்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மணல் தொட்டிக்குக் கொண்டு போங்கள்.